முதல் வேலைக்கான ரெஸ்யூமே: எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது?

ராமநாதபுரத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும் நாளில் ஏதாவது ஒரு கம்பெனி மேசைக்குப் பின்னால் நின்று பாருங்கள். கையில் வரும் பத்து ரெஸ்யூமேயில் ஏழெட்டு ஒரே அச்சு. மேலே போட்டோ, அப்பா பெயர், அப்பா தொழில், மதம், சாதி, திருமண நிலை. பிறகு யார் எழுதினாலும் ஒன்றுபோலவே இருக்கிற ஐந்து வரி லட்சியம். அப்புறம் பத்தாம் வகுப்பில் தொடங்கும் ஒரு கட்டம் போட்ட அட்டவணை. கடைசிப் பக்கத்தில் "மேற்சொன்னவை அனைத்தும் உண்மை" என்று ஓர் உறுதிமொழி, கையெழுத்து. டிடிபி கடையில் பழைய பைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இதைச் சீர்படுத்த உட்காரும்போது மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன. முதலாவது, பழைய வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு தேவையில்லாததை மட்டும் வெட்டுவது. இரண்டாவது, காலத்தை ஓரம்கட்டிவிட்டுத் திறமைகளை முன்னால் வைப்பது. மூன்றாவது, படிப்பு, வேலை, பயிற்சி என்று பகுதி பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கடைசியாக நடந்ததை முதலில் எழுதுவது. நான் மூன்றாவதின் பக்கம். ஏன் என்பதை ஓர் உதாரண ரெஸ்யூமேயை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்தைச் சேர்ந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 2021இல் பத்தாம் வகுப்பு, 2023இல் பிளஸ் டூ, 600க்கு 492. 2023இலிருந்து 2026 வரை பி.காம், கடைசி செமஸ்டர் முடிவு இன்னும் வரவில்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கிய சமயத்திலிருந்து, ஊரில் விசைப்படகுகளிடம் இறால் எடுக்கும் ஒரு கம்பெனியில் மாலையில் போய்க் கணக்கு எழுதியிருக்கிறாள். இடையில் டேலி படித்தாள், டைப்ரைட்டிங் லோயர் முடித்தாள், நான் முதல்வன் திட்டத்தில் வங்கித் துறைப் பாடம் ஒன்று செய்தாள், என்.எஸ்.எஸ்ஸில் இருந்தாள். மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கும், தனியார் வங்கி ஒன்றின் கிளை வேலைக்கும் விண்ணப்பிக்கப்போகிறாள். கையில் இருக்கும் ரெஸ்யூமே மூன்று பக்கம். இறால் கம்பெனி எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்றாம் பக்கத்தில், "பிற செயல்பாடுகள்" என்ற தலைப்பின் கீழே, கபடிக்கும் கோலத்துக்கும் நடுவில், ஒரே வரி.

முதல் வழியைப் பார்ப்போம். மதம், சாதி, அப்பா தொழில், உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மூன்று பக்கம் ஒன்றரை ஆகிவிடும். வேலையும் சுலபம், பத்து நிமிடம் போதும். ஆனால் வரிசை பழையதுதான். அட்டவணையின் முதல் வரியில் பத்தாம் வகுப்பு நிற்கும். இந்தப் பெண்ணுக்கு அங்கேதான் சிக்கல். 2021இல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்பது மட்டும்தான். ஆகவே அட்டவணையில் முதல் வரியின் சதவீதக் கட்டம் காலி. படிப்பவர் கண்ணில் முதலில் படுவதே ஒரு காலிக் கட்டம். அதற்குக் கீழே 82 சதவீதம், அதற்கும் கீழே பி.காம். நல்ல விஷயங்கள் எல்லாம் அடியில். அந்த ஆண்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்த எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

அந்த ஆண்டுக்காரர்கள் சிலர் கட்டத்தை நிரப்ப ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் போடுகிறார்கள். வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்த எண்ணுக்கு ஆதாரம் காட்ட முடியாது. "தேர்ச்சி, 2021 (மதிப்பெண் வழங்கப்படவில்லை)" என்று எழுதினால் போதும்.

இரண்டாவது வழி பார்க்க அழகாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் வண்ண மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: இடது பக்கம் ஒரு பட்டை, அதில் டேலி, எக்செல், தகவல் தொடர்புத் திறன் என்று வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் நான்கு நட்சத்திரம். வேலை அனுபவம் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிற பிள்ளைகள் இதன் பக்கம் ஓடுவது புரிகிறது. ஆனால் அதே கல்லூரியில் அதே ஆண்டு முடித்த நாற்பது பேரும் டேலி என்றுதான் எழுதுவார்கள். நான்கு நட்சத்திரம் யார் கொடுத்தது? டேலியில் என்ன செய்தாய், எங்கே, எப்போது என்று கேட்கிறவருக்கு இந்த அமைப்பில் பதில் இல்லை. நம்ம பெண்ணிடமோ அதற்கான பதில் இருக்கிறது. இரண்டு ஆண்டு நிஜக் கணக்கு எழுதியவள், அந்த இரண்டு ஆண்டையும் நட்சத்திரத்துக்குள் ஒளித்துவைப்பது நஷ்டம்.

இந்த வழிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆண்டுகள் தெளிவாக இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்ததும், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அனுபவமுள்ள அதிகாரி நினைப்பார். மறைக்க ஒன்றுமே இல்லாதவருக்கு இந்தச் சந்தேகம் வீண்.

படிப்பு, வேலை, பயிற்சி எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காலவரிசையில் கலந்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பத்து வரிக்குள் எது படிப்பு, எது சம்பளத்துக்குச் செய்த வேலை என்று குழம்பிவிடும். அதை விட்டுவிடலாம்.

சரி, மூன்றாவது வழி. இதை நேரடியாக கம்ப்யூட்டரில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளில், பழைய ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, பக்கத்தில் தொடங்கிய மாதம்–ஆண்டு, முடிந்த மாதம்–ஆண்டு இரண்டையும் போடுங்கள். நினைவிலிருந்து வேண்டாம், சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இப்படிச் செய்யும்போது பட்டியல் தானாகவே இரண்டாகப் பிரியும். தேதி போட முடிந்தவை ஒரு பக்கம். தேதி போட முடியாதவை இன்னொரு பக்கம்: கடின உழைப்பாளி, பாட்டுக் கேட்பது, தமிழ் ஆங்கிலம் தெரியும், எக்செல் தெரியும் என்பவை. இரண்டாவது பக்கத்தில் மொழிகளும் மென்பொருள்களும் மட்டும் பிழைக்கும்; அவை ரெஸ்யூமேயின் கடைசியில் இரண்டு வரி. மற்றவற்றுக்கு இடமில்லை.

தேதி உள்ளவற்றை மூன்று கூறாக்குங்கள்: கல்வி, வேலை, பயிற்சியும் சான்றிதழும். என்.எஸ்.எஸ் போன்றவை இருந்தால் நான்காவது. ஒவ்வொரு கூறுக்குள்ளும் வரிசைப்படுத்த ஒரே விதி, முடிந்த தேதி. எப்போது தொடங்கியது என்பதைப் பார்க்க வேண்டாம். இன்னும் நடந்துகொண்டிருப்பது எல்லாவற்றுக்கும் மேலே. ஒரே மாதத்தில் இரண்டு முடிந்திருந்தால், விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமானது மேலே.

நம்ம பெண்ணின் தாள் இப்படி ஆகும். அவள் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

கல்வி
பி.காம்., ராமநாதபுரம் (அழகப்பா பல்கலைக்கழக இணைப்பு), 2023 – 2026. ஐந்து செமஸ்டர் வரை 71%; இறுதி முடிவு எதிர்நோக்கப்படுகிறது.
பிளஸ் டூ, வணிகவியல், மார்ச் 2023. 492/600, 82%.
பத்தாம் வகுப்பு, 2021. தேர்ச்சி (மதிப்பெண் வழங்கப்படவில்லை).

வேலை
கணக்கு உதவியாளர் (பகுதி நேரம்), இறால் கொள்முதல் நிறுவனம், மண்டபம். ஜூன் 2024 – ஏப்ரல் 2026, மீன்பிடித் தடைக்காலம் நீங்கலாக.

பயிற்சி
டேலி பிரைம், ஜி.எஸ்.டி. பதிவுகளுடன், ஏப்ரல் – ஜூன் 2025.
நான் முதல்வன், வங்கித் துறைப் பாடம், 2024 – 25.
டைப்ரைட்டிங் ஆங்கிலம் லோயர், முதல் வகுப்பு, 2024.

மற்றவை
என்.எஸ்.எஸ்., 2023 – 2025, ஏழு நாள் சிறப்பு முகாம் உட்பட.

வேலை வரியில் தடைக்காலம் என்று ஏன் எழுத வேண்டும்? நம்ம கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் கொள்முதல் இல்லை, கணக்கும் இல்லை. இது ராமநாதபுரத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சொல்லாமல் விட்டால், "2025 மே மாதச் சம்பளச் சீட்டு எங்கே?" என்று நேர்காணலில் கேட்கும்போது திணற வேண்டிவரும். சொல்லிவிட்டால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: வேலை இல்லாத அதே இரண்டு மாதத்தில்தான் அவள் டேலி படித்திருக்கிறாள். தேதிகளை ஒழுங்காகப் போட்டதாலேயே அது கண்ணில் படுகிறது. பழைய மூன்று பக்கத்தில் டேலி முதல் பக்கத்திலும் கம்பெனி மூன்றாம் பக்கத்திலும் இருந்தபோது இதை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

பகுதி நேரம் என்ற சொல்லும் முக்கியம். கல்லூரிக் காலமும் வேலைக் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அதைக் குறிப்பிடாவிட்டால் முழுநேர வேலை என்று பொய் சொல்வதாகவோ, கல்லூரிக்கே போகவில்லை என்பதாகவோ தோன்றும்.

அந்த வேலை வரியின் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். "கணக்கு எழுதினேன்" என்றால் ஒன்றும் விளங்காது. என்ன காகிதம் கைக்கு வந்தது, அதை என்ன செய்தாள், கடைசியில் எது வெளியே போனது என்று அவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். படகு கரைசேரும் நாட்களில், வாரம் மூன்று நாள், இருபத்தைந்து படகுகளின் எடைச் சீட்டு வரும். ரகமும் விலையும் பார்த்துச் சிட்டையில் ஏற்றுவாள். படகுக்காரருக்கு ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தைப் பேரேட்டில் பார்த்துக் கழித்து, வாரக் கடைசியில் படகுவாரியாகப் பட்டுவாடாப் பட்டியல் தயாரிப்பாள். 2025 ஜூனுக்குப் பிறகு இதையே டேலியில் செய்தாள். ரெஸ்யூமேயில் இது மூன்று வரி:

வாரம் மூன்று நாள், சுமார் 25 படகுகளின் எடைச் சீட்டுகளைக் கொள்முதல் பதிவேட்டில் ஏற்றுதல்.
முன்பணம் கழித்துப் படகுவாரி வாராந்திரப் பட்டுவாடாப் பட்டியல் தயாரித்தல்.
ஜூன் 2025 முதல் கையெழுத்துப் பதிவேட்டை டேலிக்கு மாற்றிப் பராமரித்தல்.

ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறவர் இதைப் படித்தால், வவுச்சர் பார்த்திருக்கிறாள், முன்பணம் என்றால் என்னவென்று தெரியும், தொடர்ந்து ஒரே பதிவேட்டை வைத்திருக்கிறாள் என்று உடனே புரிந்துகொள்வார். கம்பெனியில் பில் புத்தகம் இல்லை, நியமன ஆணை இல்லை, சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள் என்பதற்காக இந்த வேலையை எழுதாமல் விடுகிறவர்கள் நம்ம பக்கம் நிறைய. அப்படி விட வேண்டியதில்லை. முதலாளியிடம் ஒரு வெள்ளைத்தாளில் தேதி குறிப்பிட்டு அனுபவக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். அது முடியாவிட்டால் அவருடைய எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம் என்று நேர்காணலில் சொல்லலாம். எழுதிய தேதியும் அவர் சொல்லும் தேதியும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி: கல்வியா வேலையா, எந்தப் பகுதி முதலில்? மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்களும் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். என்னைக் கேட்டால், கல்லூரி முடித்து ஓராண்டுக்குள் இருப்பவருக்குக் கல்வி முதலில். வங்கியானாலும் பெரிய கம்பெனியானாலும் முதல் சல்லடை படிப்பும் தேர்ச்சி ஆண்டும் சதவீதமும்தான். "எல்லாத் தேர்விலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது" என்ற மாதிரி நிபந்தனை வைத்திருப்பவர் அதைத் தேடித்தான் முதலில் பார்ப்பார். கல்வி மூன்று வரிதானே; அதற்கு அடுத்தே வேலை வந்துவிடுகிறது, இரண்டும் ஒரே பார்வையில் விழும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு மட்டும் இரண்டையும் இடம் மாற்றலாம். சின்ன அலுவலகத்தில் சதவீதத்தைவிடக் கைப்பழக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பகுதிகள் தனித்தனியாக இருப்பதால் இந்த மாற்றம் ஒரு நிமிட வேலை. கலந்து எழுதியிருந்தால் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

இந்த முறை எல்லோருக்கும் இவ்வளவு சுகமாக அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன். 2020இல் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தான், 2023இல் வகுப்புகள் முடிந்தன. ஒரு பேப்பர் அரியர் நின்று, 2024 அக்டோபர் தேர்வில்தான் போனது. அந்த இடைவெளியில் அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான், இன்றுவரை. இப்போது ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறான். கடைசியில் நடந்தது முதலில் என்று எழுதினால் இடைவெளி முகத்தில் அடித்த மாதிரித் தெரியும். இவனுக்குத் திறமை முன்வைக்கும் மாதிரிதான் நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. கடலுக்குப் போனதை வேலை என்று எழுதாததால்தான் அது இடைவெளி ஆகிறது. இவனுக்கு வேலைப் பகுதியை முதலில் வைக்கலாம்: "விசைப்படகு இயந்திரப் பராமரிப்பு, குடும்பப் படகு, பாம்பன், ஜூலை 2023 முதல் இன்றுவரை." அடியில், டீசல் இன்ஜினில் அவன் தன் கையால் செய்தவை மட்டும்: ஆயில், பில்டர் மாற்றுவது, இன்ஜெக்டர் கழற்றிச் சுத்தம் செய்வது, கூலிங் லைனில் உப்புப் படிவு எடுப்பது. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும்போது மெக்கானிக்கோடு நின்றிருந்தால் அதையும் எழுதலாம், "உதவியாளராக" என்ற சொல்லோடு. ஜெனரேட்டர் கம்பெனிக்காரருக்கு இதைவிட நெருங்கிய அனுபவம் ஒரு புதியவரிடம் கிடைப்பது அபூர்வம்.

அரியர் விஷயத்தில் ஒரே விதிதான்: தேர்ச்சி ஆண்டு சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதுதான். படித்த காலம் 2020 – 2023 என்றும், தேர்ச்சி அக்டோபர் 2024 என்றும் இரண்டையும் எழுதிவிடலாம். 2023 என்று மட்டும் எழுதி, வேலை கிடைத்த பிறகு சான்றிதழைக் கொடுக்கும்போது மாட்டிக்கொள்வதைவிட, தேர்ச்சி ஆண்டு நிபந்தனையால் ஓரிரு கம்பெனி கைநழுவிப் போவது மேல்.

பழைய வரிசையே சரி என்று சொல்லக்கூடிய ஓர் இடமும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., பொதுத்துறை வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு ரெஸ்யூமேயே தேவையில்லை. அவர்கள் படிவம் என்ன கேட்கிறதோ, எந்த வரிசையில் கேட்கிறதோ, அப்படியே நிரப்ப வேண்டும். சாதி, அப்பா பெயர் எல்லாம் அங்கே கேட்பார்கள். அதைப் பார்த்துப் பழகித்தான் தனியார் கம்பெனி ரெஸ்யூமேயிலும் அவை நுழைந்துவிடுகின்றன.

எழுதி முடித்ததும் கீழிருந்து மேலாக ஒருமுறை படியுங்கள். பத்தாம் வகுப்பிலிருந்து இன்றுவரை எந்த மாதத்திலாவது எங்கே இருந்தீர்கள் என்று தெரியாமல் போகிறதா? அப்படி ஒரு ஓட்டை இருந்தால் அங்கே எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. இரண்டு வரிகள் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா? அப்படியானால் ஒன்றில் பகுதி நேரம் என்ற சொல் விடுபட்டிருக்கும்.

இன்னொரு சோதனை ஆன்லைனில் விண்ணப்பிப்பவர்களுக்கு. பிடிஎப் பைலைத் திறந்து Ctrl+A, Ctrl+C கொடுத்து, Notepad-இல் ஒட்டிப் பாருங்கள். வேலை தேடும் தளங்கள் பலவும் நம் பைலிலிருந்து எழுத்தை மட்டும் இப்படித்தான் உருவி எடுத்துத் தங்கள் கட்டங்களில் போட்டுக்கொள்கின்றன. இரண்டு பத்தியாகப் பிரித்த வண்ண மாதிரியாக இருந்தால் பி.காமுக்கு நடுவில் டைப்ரைட்டிங் வந்து விழும். கட்டம் போட்ட அட்டவணையாக இருந்தால் 82 என்ற எண் எந்தத் தேர்வுக்குரியது என்றே தெரியாமல் தனியாக நிற்கும். Notepad-இல் வரிசை குலையாமல் இருந்தால் பைல் தயார். இல்லையென்றால் அட்டவணையையும் பக்கப் பட்டையையும் எடுத்துவிட்டு, தலைப்பு, அதன் கீழே வரிகள் என்று ஒற்றைப் பத்தியாக மாற்றிவிட்டு மறுபடி பிடிஎப் எடுங்கள். முகாமுக்குப் போகிறவர்கள் அதையே ஒரு பக்கத்தில் கறுப்பு வெள்ளையாகப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டால் போதும்.